பெரியவங்க முதல்ல... உறவினர் நிறைந்த அறையில் யாருக்கு முதல் வணக்கம்?

காணும் பொங்கல் மதியம். தி.நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அழைப்பு மணி அடித்ததும் கதவு திறக்கிறது. ஹாலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி, பெரியப்பா, அத்தை, சித்தப்பா, சம்பந்தி, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அண்ணன், தரையில் விளையாடும் குழந்தைகள் என எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள். உள்ளே வருபவர் முதலில் யாரிடம் போக வேண்டும்?

'பெரியவங்க முதல்ல' என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். ஆனால் பெரியவர் என்பது வயதிலா, உறவு முறையிலா? வீட்டுக்காரர் முன்னா, விருந்தாளியாக வந்த மூத்தவர் முன்னா? தன்னைவிட இரண்டு வயது இளைய சித்திக்கு என்ன செய்வது? இந்த இடங்களில்தான் குழப்பம் வருகிறது. 'என்னை மட்டும் கண்டுக்கவே இல்ல' என்று வருஷக்கணக்கில் நீளும் மனத்தாங்கல்களும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

முதல் வார்த்தை வீட்டுக்காரருடையது

வரிசையைப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். நம் வீடுகளில் முதலில் பேச வேண்டியவர் உள்ளே வருபவர் அல்ல, உள்ளே இருப்பவர். 'வாங்க', 'வாங்கோ', 'வாடா கண்ணா, வா' என்று வீட்டிலிருந்து குரல் வர வேண்டும். வந்தவர் அதற்குத் தலையசைத்துச் சிரித்தால் போதும். 'வான்னு ஒரு வார்த்தை கேக்கல' என்பது தமிழ்க் குடும்பங்களில் எவ்வளவு பெரிய புகார் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

ஆக, கடமை இரண்டு பக்கமும் பங்கிடப்பட்டிருக்கிறது. வரவேற்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வரவேற்பு கிடைத்த பிறகு, யாரிடம் முதலில் போவது என்ற வரிசையைக் காப்பது வந்தவர் பொறுப்பு. 'வாங்க' என்று சொல்வதற்கு வயது வரிசை கிடையாது. கதவைத் திறந்த பத்து வயதுப் பையன்கூடச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வணக்கத்துக்குத்தான் வரிசை உண்டு.

இதற்கு ஒரே விலக்கு துக்க வீடு. அங்கே 'வாங்க' என்று யாரும் சொல்வதில்லை. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்றும் சொல்வதில்லை. வந்தவர் பேசாமல் வந்து உட்கார்ந்து, பேசாமல் எழுந்து போக வேண்டும். யாரும் யாரையும் வணங்குவதில்லை. வழக்கமான நாளின் வரவேற்பு எவ்வளவு அழுத்தமானது என்பதை, அது நிறுத்திவைக்கப்படும் அந்த ஒரு வீடு காட்டிவிடுகிறது.

வீடே வரிசையைச் சொன்ன காலம்

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியிருந்த பழைய வீடுகளில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. வாசலில் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, அதற்கப்புறம் கூடம், அதற்கும் பின்னால் சமையலறையும் முற்றமும் என வீடு நீளமாகப் போகும். வருபவர் ஒரே பார்வையில் எல்லோரையும் பார்த்துவிட முடியாது. திண்ணையில் இருப்பவர் 'வாங்கோ' என்பார். கால் கழுவி, ரேழியைக் கடந்து கூடத்துக்கு வந்தால் ஊஞ்சலிலோ சாய்வு நாற்காலியிலோ வீட்டின் மூத்தவர் இருப்பார். வணங்கிவிட்டு உள்ளே போனால் பாட்டியும் மற்ற பெண்களும் இருப்பார்கள். நடந்து போகும் பாதையே வரிசையாக அமைந்திருந்தது.

அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்தால் நேராக ஹால்தான். தி.நகரிலும் அடையாறு காந்தி நகர், கஸ்தூரிபா நகர் பகுதிகளிலும் தனி வீடுகள் இடிக்கப்பட்டு ஃபிளாட்டுகளாக மாறியபோது, திண்ணையும் ரேழியும் போயின. பதினைந்து பேரும் ஒரே சமயத்தில் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் கண்ணிலும் நாம் படுகிறோம். யாரிடம் முதலில் போகிறோம் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். முன்பு சுவர்கள் வைத்திருந்த வரிசையை இப்போது வருபவர் தன் தலைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு ஹால், எட்டுப் பெரியவர்கள்: ஓர் உதாரணம்

கற்பனையான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தி.நகரில் பெரியப்பா வீடு. வருபவர் 42 வயதுக்காரர், கூடவே மனைவி, எட்டு வயது மகள். ஹாலில் இருப்பவர்கள்: 87 வயதுப் பாட்டி (அப்பாவின் அம்மா, தாத்தா இல்லை), 67 வயதுப் பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பாவின் சம்பந்தியாக வந்திருக்கும் 71 வயது மாமாவும் மாமியும், 50 வயதுச் சித்தப்பா, 40 வயதுச் சித்தி, நியூஜெர்சியிலிருந்து வந்திருக்கும் 44 வயது அண்ணன். இது ஒரு பிராமணக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், படிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

முதலில் கைகள் காலியாக வேண்டும். செருப்பு வாசலில். கொண்டுவந்த பழம், பூ, பட்சணப் பை எல்லாம் பெரியம்மா கையில். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது, வணங்கும்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் காலில் செருப்போடும், தலையை மூடிக்கொண்டும், கையில் பொருளை வைத்துக்கொண்டும் வணங்கக் கூடாது என்று தனியாகவே சொல்கிறது. தோளில் லேப்டாப் பையோடும் காதில் இயர்ஃபோனோடும் குனிபவரைப் பார்த்து மாமிகள் முகம் சுளிப்பதற்கு ஈராயிரம் ஆண்டுப் பின்னணி உண்டு.

அடுத்து, அறை முழுவதையும் ஒரு பார்வை பார்த்துச் சிரிப்பது. இது வணக்கம் அல்ல. 'உங்களையும் பார்த்துட்டேன், வரேன்' என்ற அறிவிப்பு மட்டும். இதைச் செய்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை நிம்மதியாகக் காத்திருப்பார்கள். இதைச் செய்யாமல் நேராகப் பாட்டியிடம் போய்ப் பத்து நிமிஷம் பேசினால், மீதிப் பேர் புறக்கணிக்கப்பட்டதாக நினைக்க வாய்ப்பு உண்டு.

முதல் நமஸ்காரம் பாட்டிக்கு. அவர் கண்ணாடி போடாமல் இருக்கலாம், காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். அதனால் அருகில் போய், அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, 'பாட்டி, நான்தான்' என்று பெயரைச் சொல்லிவிட்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து நமஸ்காரம் செய்வார்கள். அவர் கால் நீட்டிப் படுத்திருந்தால் செய்வதில்லை. படுத்திருப்பவரை விழுந்து வணங்குவது இறந்தவருக்கு மட்டும்தான் என்பது வீடுகளில் இன்றும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. உட்கார முடிந்தால் உட்கார்ந்ததும் செய்யலாம், முடியாவிட்டால் கையைப் பிடித்துப் பேசினால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், ஜபத்தில் இருப்பவர் ஆகியோருக்கும் இதே மாதிரிதான், முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது யார்? வீட்டுக்காரரான பெரியப்பாவா, அவரைவிட நான்கு வயது மூத்த சம்பந்தி மாமாவா? இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். இதற்கு வந்தவர் தானாக முடிவெடுக்கத் தேவையில்லை. பெரியப்பா பக்கம் திரும்பினாலே போதும். 'முதல்ல அவாளுக்குப் பண்ணு' என்று அவரே கைகாட்டுவார். சம்பந்தி மாமா 'இல்லையில்லை, முதல்ல பெரியப்பாவுக்குப் பண்ணு' என்பார். இரண்டு சுற்று இந்த விட்டுக்கொடுத்தல் நடந்து, கடைசியில் பெரும்பாலும் விருந்தாளியாக வந்த மூத்தவருக்கே முதலிடம் கிடைக்கும். முன்னுரிமை பெற்றவர்தான் அதை விட்டுத்தர முடியும். வந்தவர் தானாகவே பெரியப்பாவைத் தாண்டிப் போனால் அது தவறு, அவர் சொல்லிப் போனால் அது மரியாதை.

தம்பதியாக இருப்பவர்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லித்தான் வணங்குவது வழக்கம். பெரியம்மா சமையலறையில் இருந்தால், 'பெரியம்மா, ஒரு நிமிஷம் வாங்கோ, சேர்ந்து நில்லுங்கோ' என்று கூப்பிட வேண்டும். பெரியப்பாவை மட்டும் வணங்கிவிட்டு, காபி போட்டுக்கொண்டிருக்கும் பெரியம்மாவை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அவர் அதைச் சொல்ல மாட்டார், ஆனால் கவனித்திருப்பார்.

அடுத்து சித்தப்பா, சித்தி. சித்திக்கு 40 வயது, வந்தவருக்கு 42. உறவில் சித்தி ஒரு தலைமுறை மேலே, வயதில் இரண்டு வருஷம் கீழே. பெரும்பாலான வீடுகளில் சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்து நிற்க, நமஸ்காரம் நடக்கும். அல்லது 'எனக்கெல்லாம் வேண்டாம்ப்பா' என்று சித்தி சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அந்த முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். வந்தவர் அவரை 'சித்தி' என்று கூப்பிடுவதை மட்டும் விட முடியாது.

கடைசியில்தான் நியூஜெர்சி அண்ணன். உள்ளே வந்ததுமே கட்டிப்பிடிக்கத் தோன்றும் ஆள் அவர்தான், ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிறோம். ஆனால் மூத்தவர்கள் வரிசை முடிந்த பிறகுதான் அவர் முறை வரும். அண்ணனுக்கு விழுந்து நமஸ்காரம் பண்ணுவது விசேஷ நாட்களில் உண்டு, சாதாரண நாளில் பேச்சும் தோள்தட்டலும் போதும். பிறகு எட்டு வயது மகள் இதே வரிசையில் ஒரு சுற்று வருவாள். அதற்குள் யாராவது பர்ஸைத் திறந்திருப்பார்கள்.

இந்த முறையில் சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடுகள் உண்டு. ஐயங்கார் வீட்டில் 'நமஸ்காரம்' அல்ல, 'சேவிக்கிறது'. வடகலையார் நான்கு முறையும் தென்கலையார் ஒரு முறையும் சேவிப்பார்கள். சைவக் குடும்பங்களில் காலில் விழுந்து எழுந்ததும் மூத்தவர் நெற்றியில் விபூதி பூசுவார். விழுவதே வேண்டாம் என்று முடிவுசெய்த சுயமரியாதைக் குடும்பங்களில் கைகூப்பி 'வணக்கம்' சொல்வார்கள். செய்யும் விதம் மாறினாலும், முதலில் பாட்டி என்பது மாறுவதில்லை.

வயதா, உறவா?

சித்தி விஷயத்தில் வந்த சிக்கல் இன்று நேற்றையது அல்ல. எட்டு, பத்துக் குழந்தைகள் பிறந்த வீடுகளில் மூத்த பெண்ணின் மகனைவிடக் கடைசி மாமா சின்னவராக இருப்பது சாதாரணம். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் இதை நேரடியாகவே எடுத்துப் பேசுகிறது. தாய்மாமா, சிற்றப்பா, மாமனார் போன்றவர்கள் வயதில் இளையவர்களாக இருந்தால், எழுந்து நின்று 'நான் இன்னார்' என்று சொன்னால் போதும் என்கிறது. காலைத் தொட வேண்டியதில்லை, ஆனால் உட்கார்ந்தபடியும் இருக்கக் கூடாது. சித்தி 'எனக்கெல்லாம் வேண்டாம்' என்று சொல்ல, வந்தவர் எழுந்து நின்று பேசுவதும் ஏறக்குறைய இதே சமரசம்தான்.

எவ்வளவு வயது வித்தியாசம் இருந்தால் ஒருவர் 'மூத்தவர்' என்பதற்கும் அதே அத்தியாயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே ஊர்க்காரர்களுக்குள் பத்து வருஷம் வரை சமவயது நண்பர்கள். கலைஞர்களுக்குள் ஐந்து வருஷம். வேதம் படித்தவர்களுக்குள் மூன்று வருஷம். ரத்த உறவுக்குள் மட்டும் மிகச் சிறிய வித்தியாசம்கூடக் கணக்கில் வரும். அலுவலகத்தில் எட்டு வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர், வீட்டில் எட்டு மாதம் மூத்தவரை 'அக்கா' என்று கூப்பிடுவதை இந்தக் கணக்கு அப்படியே சொல்கிறது.

அந்த எட்டு மாதத்தைத் தமிழ்மொழியும் விடுவதில்லை. 'அண்ணன்', 'தம்பி', 'அக்கா', 'தங்கை' என்று நான்கு சொற்கள் உண்டு. மூத்தவரா இளையவரா என்று சொல்லாமல் உடன்பிறந்தவரைக் குறிக்க வீட்டுப் பேச்சில் ஒரு சொல் கிடையாது. 'சகோதரன்' மேடையிலும் பத்திரிகையிலும்தான். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. ஒருவரைக் கூப்பிட வாயைத் திறக்கும்போதே அவர் எத்தனையாவது இடம் என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-ல் வெளியிட்ட உறவுமுறைச் சொற்கள் பற்றிய பெரிய நூலில், தமிழ் முறை வட அமெரிக்காவின் செனகா பழங்குடியினரின் முறையைப் பெரிதும் ஒத்திருப்பதாக எழுதி வியந்தார். அவர்களிடமும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வேறு சொற்கள் இருந்தன.

ஏன் பெரியவர் முதலில்?

'ஆசீர்வாதம் கிடைக்கும்' என்பது வீட்டில் சொல்லும் காரணம். நமஸ்காரம் செய்தால் 'தீர்க்காயுஷ்மான் பவ', 'தீர்க்க சுமங்கலி பவ' என்று வாழ்த்து வரும். வாழ்த்து மேலிருந்து கீழே வருவது, எனவே மேலே இருப்பவரிடம் போக வேண்டும். இது நம்பிக்கை சார்ந்த காரணம். நடைமுறை சார்ந்த இரண்டு காரணங்களும் உண்டு.

ஒன்று, அடையாளம். பிராமண ஆண்கள் சொல்லும் 'அபிவாதயே' உண்மையில் ஒரு சுய அறிமுகம். தன் பரம்பரையின் ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், வேதம், கடைசியில் தன் பெயர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் வணங்குவார்கள். மற்ற வீடுகளில் இதே வேலையை 'நீ யாரோட பையன்?' என்ற கேள்வி செய்கிறது. பாட்டி அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்பார், வந்தவர் பதில் சொல்வார், பாட்டி அதை இன்னும் சத்தமாக அறைக்கே அறிவிப்பார்: 'அட, நம்ம கும்பகோணத்தாத்துப் பேரனா!' அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு, அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இவர் என்ன முறை, எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்துவிடும். யார் யாருக்கு என்ன உறவு என்ற கணக்கு அதிகம் தெரிந்தவர் மூத்தவர். அவரிடம் முதலில் போனால் மற்ற பதினான்கு அறிமுகங்களும் தேவையில்லாமல் போகின்றன.

இன்னொன்று, வயது யாரும் தேர்ந்தெடுக்காத அளவுகோல். அந்த ஹாலில் பணக்காரர் அண்ணனாக இருக்கலாம், பதவியில் பெரியவர் சித்தப்பாவாக இருக்கலாம், மனசுக்குப் பிடித்தவர் வேறு யாராகவோ இருக்கலாம். வருபவர் தன் விருப்பப்படி போனால், முதல் இரண்டு நிமிஷத்திலேயே யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று பட்டியல் போட்டுவிட்டார் என்று அர்த்தம். பிறந்த தேதிப்படி போனால் அந்தக் குற்றச்சாட்டு எழாது. ரேஷன் கடை வரிசையில் முதலில் நிற்பவரைப் பார்த்து யாரும் 'அவருக்கு என்ன பெருமை' என்று கேட்பதில்லை. வயது வரிசையும் அப்படித்தான்.

மூத்தவர் அறிவாளி என்பதால் முதலிடம் என்று சிலர் சொல்வதுண்டு. தமிழ் மரபு அப்படிச் சொல்லவில்லை. ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களுக்குள்ளும் மூத்தவனை அல்ல, அறிவுடையவனையே அரசு நாடும் என்ற கருத்து புறநானூற்றிலேயே இருக்கிறது. ஆலோசனைக்கு அறிவு, வணக்கத்துக்கு வயது என இரண்டும் வேறு வேறு.

முதலிடம் பெறுபவருக்கும் பொறுப்பு உண்டு. பதில் வாழ்த்து சொல்லத் தெரியாதவரை வணங்க வேண்டியதில்லை என்கிறது அதே மனுஸ்மிருதி. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்ம்' என்று சொல்லும் பெரியவர் தன் பக்கக் கடமையைத் தவறவிடுகிறார்.

மற்றவர்கள் எப்படி?

வருபவர் எல்லோரையும் தனித்தனியாக வணங்க வேண்டும் என்பது எல்லா மரபிலும் இல்லை. இஸ்லாமிய வீட்டில் உள்ளே வருபவர் அறை முழுவதற்கும் ஒரே சலாம் சொல்கிறார், உள்ளிருப்பவர்களில் ஒருவர் பதில் சொன்னாலும் போதும். ஆனால் யார் முந்திக்கொண்டு சொல்வது என்பதற்கு நபிமொழிகளில் தெளிவான வரிசை உண்டு. இளையவர் மூத்தவருக்கும், நடந்து வருபவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிலர் பலருக்கும் முதலில் சலாம் சொல்ல வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வோலோஃப் மக்களிடம் ஆய்வு செய்த ஜூடித் இர்வின், 1974-ல் வெளியான கட்டுரையில் இதைப் போன்ற ஒன்றைப் பதிவுசெய்தார். அங்கே தகுதியில் தாழ்ந்தவர்தான் நகர்ந்து போய் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். சிலர் வேண்டுமென்றே முந்திக்கொண்டு வணக்கம் சொல்வார்களாம். எதிராளியைப் பெரியவராக்கி, பெரியவர் என்பதால் உதவி கேட்கவும் வழிசெய்துகொள்வது அதன் உத்தி. பெரியப்பாவும் சம்பந்தியும் 'முதல்ல அவாளுக்கு' என்று தள்ளிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வரிசை உடையும் இடங்கள்

வயது வரிசை நியாயமானது என்று சொல்லும்போது, அது எங்கெல்லாம் கைவிடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவது, கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைவிட ஒரு படி மேல் என்ற பழைய எண்ணத்தில், எழுபது வயதுப் பெண்ணின் அப்பா முப்பது வயது மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிறார். மண்டபத்தில் முதல் வரவேற்பும் அந்தப் பக்கத்துக்கே. இங்கே வயது பின்னுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது, இன்னும் வலிக்கும் இடம். நம் உதாரணத்தில் முதல் நமஸ்காரம் பெற்ற 87 வயதுப் பாட்டி கணவரை இழந்தவர். வயதுப்படி அவர்தான் அறையில் முதல் நபர். ஆனால் சில தலைமுறைகளுக்கு முன், விசேஷ நாளில் அவர் ஹாலிலேயே இருந்திருக்க மாட்டார். எதிரே வந்தால் அபசகுனம் என்று உள்ளறையில் உட்காரவைக்கப்பட்டிருப்பார். வெற்றிலை பாக்கும் குங்குமமும் கொடுக்கும் வரிசையில் அவர் பெயரே இருக்காது. பெரியவர் முதலில் என்று பாடம் சொன்ன அதே வீடு, மிகப் பெரியவரைத் தாண்டிப் போகவும் கற்றுக்கொடுத்தது.

சிறுவயதிலேயே விதவையாகி, 1911-ல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கான விடுதியை நடத்தினார். அந்தப் பெண்களைக் கடற்கரைச் சாலையில் எதிர்கொள்வதையே தவிர்த்த காலம் அது. அவர் பிற்காலத்தில் மயிலாப்பூரில் 1956-ல் வித்யா மந்திர் பள்ளி உருவாகக் காரணமாக இருந்தார். இன்று பல வீடுகளில் பாட்டிக்கே முதல் நமஸ்காரம் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் சுமங்கலிப் பிரார்த்தனை, சீமந்தம் போன்ற நிகழ்ச்சிகளில் 'முதல்ல அவாகிட்ட போகாதே' என்ற மெல்லிய குரல் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. ஒரு வீட்டில் வயது வரிசை உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்க, அந்த நாளில் பாட்டியிடம் யார் முதலில் போகிறார்கள் என்று கவனித்தால் போதும்.

தவறினால் எப்படித் தெரியும், எப்படிச் சரிசெய்வது?

விடுபட்டுப்போன பெரியவர் நேராகக் கோபித்துக்கொள்வது அபூர்வம். பக்கத்தில் இருப்பவரிடம், வந்தவர் காதில் விழும்படி, 'யாரு வந்திருக்கா?' என்று கேட்பார். அல்லது 'பெரிய மனுஷாள்லாம் இப்ப நம்மளைப் பாப்பாளா' என்று சிரிப்பார். அல்லது திடீரென்று எழுந்து உள்ளே போய்விடுவார். இந்த மூன்றில் எது நடந்தாலும் வரிசை எங்கோ தவறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அவரிடம் போய், அருகில் உட்கார்ந்து, உடம்பைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொரு வாய்ப்பும் உண்டு, அது கிளம்பும் நேரம். விடைபெறும்போதும் இதே வரிசைதான். அப்போது விடுபட்டவரிடம் முதலில் போய், 'போயிட்டு வரேன், உங்ககிட்ட சரியாப் பேசவே முடியல' என்று சொன்னால் வரும்போது நடந்தது மறந்துபோகும்.

இருநூறு பேர் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தாது. நிறையப் பெரியவர்கள் கூடியிருக்கும் சபையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அபிவாதனம் சொல்லாமல், எல்லோருக்குமாக ஒரே நமஸ்காரம் போதும் என்பது வைதிகர்களே சொல்லும் சலுகை. நெருங்கிய உறவில் மிக மூத்த நான்கைந்து பேரிடம் மட்டும் நேரில் போய்விட்டு, மற்றவர்களுக்குக் கைகூப்பினால் யாரும் குறை சொல்வதில்லை.

சுருங்கும் அறை

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒற்றைக் குழந்தையாக வளர்பவருக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஒற்றைக் குழந்தைகள் இருவர் கல்யாணம் செய்துகொண்டால், அவர்கள் பிள்ளைக்குப் பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா யாருமே நேரடி உறவில் இருக்க மாட்டார்கள். எல்லோரும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' ஆகும்போது யார் மூத்தவர் என்பதைச் சொல் காட்டிக்கொடுக்காது.

அடையாறில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்குக் காணும் பொங்கல் அன்று வெளிநாட்டிலிருந்து வீடியோ கால் வருகிறது. ஹாலில் ஆறு பேர் இருக்கிறார்கள், போன் ஒன்றுதான். அழைப்பை எடுத்தவர், தான் நாலு வார்த்தை பேச ஆசையிருந்தும், 'இரு, முதல்ல பாட்டிகிட்ட கொடுக்கறேன்' என்று போனை நகர்த்துகிறார். பாட்டிக்குத் திரையில் முகம் சரியாகத் தெரியவில்லை. 'யாரு பேசறது?' என்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து பேரன் தன் பெயரைச் சொல்லி, கைகூப்பிக் குனிகிறான்.